மலசலகூடத் தொகுதி விலைக் கூறல்: உறவும் அன்பளிப்பும் (வரைவு)

அன்புள்ள ஊரவர்களுக்கு,

நம் சங்கம் ஊரில் கட்டிக்கொடுக்கும் பாடசாலை மலசலகூடத் தொகுதிக்கு வந்த மூன்று விலைக் கூறல்களில் ஒன்று, நம் தலைவரின் மனைவியின் தம்பி நடத்தும் ஹாட்வெயார் கடையினுடையது. உறைகள் திறக்கும் முன்பே தலைவர் அதை எழுத்தில் அறிவித்துவிட்டார். இனி நடக்கவேண்டியதற்கே இந்த வரைவு.

உறவை அறிவித்தவர் மற்றவர்களின் விலைகளைப் பார்க்கமாட்டார், வாக்களிக்கமாட்டார். அந்த விடயம் பேசப்படும்போது இணையவழிக் கூட்டத்தின் இணைப்பிலிருந்தே விலகுவார். விலகிய நேரமும் திரும்பிய நேரமும் கூட்டக் குறிப்பில் பதியப்படும். வாய் திறக்காமல் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. தலைவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய மைத்துனரின் விலை அதிகம் என்று யார் சொல்வார்கள்?

பணமும் தங்கக் காசும் எப்போதும் ஏற்பதில்லை. விலை கேட்ட நாள் முதல் கடைசிக் கொடுப்பனவு முடியும் வரை, கடை நாட்காட்டியைத் தவிர எதுவும் வாங்குவதில்லை. மறுக்க வழியில்லாமல் வந்துவிட்டால், தந்தவர், பெற்றவர், உத்தேச மதிப்பு, பொருள் என்ன ஆனது என்பவை பதிவேட்டில் ஏறவேண்டும்.

செயலாளர், லண்டன்

---

தம்பி, மனைவியின் சகோதரர் இங்கிலாந்துத் தொண்டு நிறுவனச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இல்லை என்று சட்டம் படிக்கும் என் மகன் சொல்கிறான். பிறகு எதற்கு அறிவிப்பு? நல்ல மனிதரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும்.

டொரொன்டோவிலிருந்து

---

அண்ணா, பட்டியல் பற்றி மகன் சொன்னது சரி. 2011ஆம் ஆண்டுத் தொண்டு நிறுவனச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் நிர்வாகியின் அக்காவின் கணவர் வருகிறார், மனைவியின் தம்பி வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியல், நிர்வாகிக்கோ அவருடைய உறவினருக்கோ சங்கம் பணம் கொடுப்பதற்கான நிபந்தனைகளுக்கு உரியது. அக்காவின் கணவரின் கடை என்றால் தொகையையோ உச்சத் தொகையையோ குறித்த எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அப்படிச் சம்பந்தப்பட்டவர்கள் குழுவில் சிறுபான்மையாகவும் இருக்கவேண்டும். மனம் இரு பக்கமும் இழுக்கும் இடத்தில் அறிவித்து விலகும் கடமை அந்தப் பட்டியலோடு முடிவதில்லை. நான் கணக்காய்வு செய்யும் சங்கங்களில் முதலில் திறப்பது அப்படி அறிவித்து விலகியதைப் பதிந்த கூட்டக் குறிப்பைத்தான்.

ஹரோவிலிருந்து

---

எனக்கு வேறு கேள்வி. ஆனி மாதம் ஊருக்குப் போனபோது, விலை தந்தவர்களில் ஒருவர் ஒரு கிழமைக்கு வான் விட்டார், வாடகை வாங்கவில்லை. கோயிலுக்கும் பத்து மூடை சீமெந்து தருவதாகச் சொன்னார். நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. இதுவும் அன்பளிப்பா?

மெல்பேர்ணிலிருந்து

---

அக்கா, வான் அன்பளிப்புத்தான். ஊர் வாடகை விகிதத்தில் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை அனுப்புங்கள், பதிவேட்டில் ஏற்றிவிடுகிறேன். விலைகளை ஒப்பிடும் குழுவிலிருந்தும் இந்த முறை விலகியிருங்கள்.

சீமெந்து சிக்கலானது. அது நம் வேலைக்காகத் தரும் சலுகை என்றால், விலைக் கூறலிலேயே கழிவாகக் காட்டவேண்டும். பாடசாலைக்குச் சேர்த்த பணத்தில் கிடைக்கும் சலுகையைக் கோயிலுக்குத் திருப்ப நமக்கு உரிமையில்லை. அவர் தன் நேர்த்தியாகவே தருகிறார் என்றால், வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவான பிறகு கோயில் சபையிடம் நேரே கொடுக்கட்டும்.

ஒன்றுவிட்ட சகோதரர்களை எதுவரை அறிவிப்பது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. கூட்டத்துக்கு முன் உங்கள் கருத்தை எழுதுங்கள். அதுவரை மூன்று உறைகளும் ஹரோ அக்காவிடமே இருக்கும்.

செயலாளர்