செவிலியர் பணிப்பட்டியலில் ‘ரெஸ்ட்’ என்ற தலைப்புக்கு என்ன சொல்?

அனுப்புபவர்: கணினிப் பிரிவு ஊழியர், நாகர்கோவில்

குழு அன்பர்களுக்கு வணக்கம். நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனைக்காக, செவிலியர் பணிப்பட்டியலைச் சரிபார்க்கும் விரிதாள் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஷிப்டைத்தான் முறை என்கிறேன்; ஒரு முறை முடிந்து அடுத்த முறை தொடங்கும்வரை எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் அதிகமாக வேலை பார்த்தார்கள் என்ற இரண்டையும் அது கணக்கிட வேண்டும்.

முதல் வடிவில் ‘ரெஸ்ட்’, ‘ஓ.டி.’ என்று இரண்டு தலைப்புகள் வைத்தேன். இரண்டுமே தோற்றுப்போயின. வார்டு சிஸ்டர்கள் ‘ரெஸ்ட்’ பத்தியில் வார விடுமுறைத் தேதியை நிரப்பிவிட்டார்கள். ‘ஓ.டி.’ என்றால் மருத்துவமனையில் அறுவை அரங்கு என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதற்கு ‘மிகைநேரம்’ என்று போட்டுவிட்டேன். சிக்கல் முதல் சொல்லில்தான். “இவருக்கு 11 மணி ____ கிடைத்தது” என்ற வரியில் பொருந்தும் சொல் வேண்டும்.

எங்கள் முறைகள்: காலை 7 முதல் 2, மதியம் 1 முதல் 8, இரவு 7.30 முதல் மறுநாள் காலை 7.30. பொறுப்பு ஒப்படைப்பதற்காகத்தான் நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை

தம்பி, இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பணிக்கும் பணிக்கும் இடையே உள்ள ஓய்வு ‘பணியிடை ஓய்வு’. சொல் சுருக்கம், புணர்ச்சியும் சரி. பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அனுப்புபவர்: முன்னாள் செவிலியர் கண்காணிப்பாளர், மார்த்தாண்டம்

ஐயா, தங்கள்மீது மரியாதை வைத்தே மறுக்கிறேன். முப்பது ஆண்டுகள் பணிப்பட்டியல் எழுதியவள் நான். ‘பணியிடை’ என்ற சொல் காதில் விழுந்தால் செவிலியருக்கு முதலில் நினைவுக்கு வருவது பணியிடை நீக்கம். “உங்களுக்கு 11 மணி பணியிடை ஓய்வு” என்று தகவல் பலகையில் ஒட்டினால் அழுதுகொண்டே அலுவலகத்துக்கு வருவார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. பணியிடை நீக்கம், பணியிடைப் பயிற்சி இரண்டிலும் ‘பணியிடை’ என்பது பணியில் இருக்கும்போதே நடப்பது என்ற பொருளில் நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது பணியில் இல்லாத நேரம். நேர் எதிர்.

சொல்லுக்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும், தம்பி. நீங்கள் அனுப்பிய மாதிரித் தாளில் ஒரு செவிலியரின் வாரத்தைக் கையால் கணக்கிட்டேன். திங்கள், செவ்வாய் காலை முறை. புதன் மதியம். வியாழன் மறுபடியும் காலை. வெள்ளி விடுமுறை. சனி, ஞாயிறு இரவு. அடுத்த திங்கள் கட்டத்தில் ‘ஓய்வு நாள்’ என்று எழுதி, செவ்வாய் காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தத் திங்கள் ஓய்வு நாளே இல்லை. ஞாயிறு இரவுக்கு ஏறியவர் திங்கள் காலை 7.30க்குத்தான் இறங்குகிறார். செவ்வாய் 7 மணிக்கு ஏறினால் இருபத்துமூன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. கட்டத்தை எண்ணினால் விடுமுறை, மணியை எண்ணினால் இல்லை. ‘ரெஸ்ட்’ என்ற தலைப்பின் கீழ் சிஸ்டர்கள் தேதியை நிரப்பியது அவர்கள் குற்றமல்ல. பட்டியலே நாளாகத்தான் பேசுகிறது. எனவே புதிய சொல்லில் ‘நாள்’ வரவே கூடாது.

இன்னொன்று. ஞாயிறு இரவை நள்ளிரவில் வெட்டி நாலரை மணியை இந்த வாரத்திலும் ஏழரை மணியை அடுத்த வாரத்திலும் போட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த வாரம் 44.5 மணி ஆகிறது. வரம்பு 48 என்றால் மிகைநேரம் பூஜ்யம். அடுத்த வாரத்தில் ஐந்து காலை முறைகளோடு சேர்த்தாலும் 42.5தான், அங்கேயும் பூஜ்யம். முறை தொடங்கிய நாளுக்கே முழுவதையும் எழுதினால் இந்த வாரம் 52 மணி, 4 மணி மிகைநேரம். ஒரு பெண் பார்த்த நான்கு மணி நேர வேலை நள்ளிரவுக் கோட்டில் காணாமல் போய்விட்டது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தது. நள்ளிரவைத் தாண்டும் முறையில், நள்ளிரவுக்குப் பின் பார்த்த மணிகள் முந்தைய நாளோடு சேரும். விடுமுறை நாள் என்றால் முறை முடிந்ததிலிருந்து தொடர்ந்து 24 மணி. மருத்துவமனை தொழிற்சாலை அல்ல, தெரியும். கணக்குப் போடும் முறையைக் கடன் வாங்குவதில் தவறில்லை.

அனுப்புபவர்: கணக்காளர், வடசேரி

மேடம் சொன்ன 4 மணி சரி. என் தாளில் அது தானாகவே வருகிறது. ஒவ்வொரு முறைக்கும் மணிகளை 7:00, 12:00 என்று நேர வடிவில் தட்டி, கீழே கூட்டுத்தொகை போட்டேன். கூட்டுத்தொகைக் கட்டத்தில் நேராக 4:00 என்று விழுந்தது. 48ஐக் கழிக்கும் வேலையைக்கூட விரிதாளே செய்துவிடுகிறது. தனிப் பத்தி எதற்கு?

அனுப்புபவர்: கணினிப் பிரிவு ஊழியர், நாகர்கோவில்

அண்ணாச்சி, விடை சரி, வழி தவறு. விரிதாள் 48ஐக் கழிக்கவில்லை. நேர வடிவில் ஒவ்வொரு 24 மணியும் ஒரு நாளாகிவிடுகிறது. நாட்களை மறைத்துவிட்டு மிச்ச மணியை மட்டும் காட்டுகிறது. 52 மணி என்பது இரண்டு நாளும் 4 மணியும். வரம்பும் சரியாக இரண்டு நாள் என்பதால் பொருந்திவிட்டது. 42 மணி பார்த்த ஒருவருக்கு அதே கட்டத்தைப் பாருங்கள், 18:00 என்று காட்டும். அவருக்கு 18 மணி மிகைநேரச் சம்பளம் கொடுப்பீர்களா? கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் 52:00 தெரியும்.

கண்காணிப்பாளர் அம்மா சொன்னபடி தாளைத் திருத்திவிட்டேன். மாதக் கட்டங்களாக இல்லாமல் ஒரு முறைக்கு ஒரு வரிசை. A பத்தியில் பெயர், B தொடங்கும் தேதி, C ஏறும் மணி, D இறங்கும் மணி. பெயர்வாரியாகவும் தொடங்கும் நேரவாரியாகவும் அடுக்கியிருக்க வேண்டும். பிறகு:

```
E2: =B2+C2
F2: =B2+D2+(D2<=C2)
G2: =ROUND((F2-E2)*24,2)
H3: =IF(A3=A2,ROUND((E3-F2)*24,2),"")
```

F பத்தியில்தான் இரவு முறையின் சூட்சுமம் இருக்கிறது. இறங்கும் மணி ஏறும் மணியைவிடச் சிறியதாக இருந்தால் தேதியில் ஒன்று கூடுகிறது. H பத்திதான் நாம் பெயர் தேடும் பத்தி. அங்கே முன்பு தேதியில்லாமல் மணியை மட்டும் கழித்து `MOD` போட்டிருந்தேன். புதன் இரவு 8க்கு இறங்கி வியாழன் காலை 7க்கு ஏறினாலும் 11, வெள்ளி காலை 7க்கு ஏறினாலும் 11 என்று காட்டிக்கொண்டிருந்தது. `ROUND` இல்லாவிட்டால் 11 மணி என்பது உள்ளே 10.9999999 ஆகிவிடக்கூடும். 11க்குக் குறைந்தால் சிவப்பு என்ற விதியில் அதுவும் சிவந்துவிடும்.

அம்மா, வரம்பாக எதை வைக்கட்டும்? 11ஆ, 12ஆ?

அனுப்புபவர்: முன்னாள் செவிலியர் கண்காணிப்பாளர், மார்த்தாண்டம்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியருக்கென வெளியிட்ட பரிந்துரையில் முறைகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி 11. உங்கள் முறைநேரப்படி மதியம் முடித்து மறுநாள் காலை ஏறினால் எப்போதும் 11தான். 12 வைத்தால் அத்தகைய ஒவ்வொரு வரிசையும் சிவக்கும். தாள் முழுக்கச் சிவப்பானால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் 11 வைத்தால், எது நம்மை மிகவும் வருத்துகிறதோ அது வெள்ளையாகவே கடந்துபோகும். என் வழி வேறு: 12ஐ வைத்துவிட்டு, மதியத்துக்கு அடுத்த நாள் காலை போடுவதை நிறுத்துங்கள். பட்டியலைத் திருத்துங்கள், வரம்பைத் தாழ்த்தாதீர்கள்.

தாளில் 8 மணி என்று இருக்கிறதே, எந்தச் சிஸ்டர் 8 மணிக்கு இறங்கியிருக்கிறார்? ஒப்படைத்து, கணக்கு எழுதிக் கிளம்ப எட்டே முக்கால். குலசேகரம் பஸ் பிடித்து வீடு சேரப் பத்தைத் தாண்டும். காலை 7 மணிக்கு வார்டில் இருக்க ஐந்தரைக்குப் பஸ் ஏற வேண்டும். உங்கள் 11இல் தூக்கத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள். உண்மையில் இறங்கிய மணிக்கு ஒரு பத்தி தனியாக வையுங்கள். அதிலிருந்து கணக்கிட்டால் அது 10.25.

அனுப்புபவர்: அறுவை அரங்குச் செவிலியர், குலசேகரம்

என் ஊர் பெயர் அடிபடுவதால் எழுதுகிறேன். ஓ.டி. கணக்கு என்றதும் எங்கள் அரங்கில் ஒவ்வொருவரும் எத்தனை அறுவைக்கு நின்றோம் என்பதைக் கணக்கிடும் தாள் என்று நினைத்துத்தான் இந்த மடலைத் திறந்தேன். அப்படி ஒன்று செய்து கொடுத்தாலும் நன்றாக இருக்கும்.

என் கேள்வி வேறு. மதியம் 2க்கு இறங்கி வீட்டில் இருக்கிறேன், ஆனால் அழைத்தால் போக வேண்டிய நாள். இரவு 1 மணிக்குச் சிசேரியனுக்கு அழைத்தார்கள், 3 மணிக்கு முடிந்தது. காலை 7க்கு மறுபடியும் முறை. தாளில் எனக்கு 17 மணி கிடைத்ததாகக் காட்டுகிறார்கள். உண்மையா?

அனுப்புபவர்: கணினிப் பிரிவு ஊழியர், நாகர்கோவில்

இல்லை சிஸ்டர். 1 முதல் 3 வரை ஒரு தனி வரிசையாக எழுதினால் போதும். 17 தானாகவே 11ஆகவும் 4ஆகவும் உடைந்து, 4 சிவக்கும். ஒரே கவனம்: நள்ளிரவுக்குப் பின் தொடங்குவதால் மறுநாள் தேதியைப் போட வேண்டும். முந்தைய நாள் தேதியைப் போட்டால் அந்த வரிசை மேலே ஏறிவிடும், உங்கள் 17 அப்படியே நிற்கும்.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை

‘பணியிடை’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்மா சொன்னது நெஞ்சில் தைத்தது. ஷிப்டுக்கு ‘முறை’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், நல்ல சொல். இங்கே கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆகவே ‘முறையிடை ஓய்வு’ எப்படி?

அனுப்புபவர்: கணக்காளர், வடசேரி

ஐயா, அதை முறையீடு என்றுதான் வாசித்தேன். ஒருவேளை அதுவும் பொருத்தம்தானோ என்னவோ.

அனுப்புபவர்: முன்னாள் செவிலியர் கண்காணிப்பாளர், மார்த்தாண்டம்

‘ஓய்வு’ என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது ஓய்வா? மணிகளை அளக்கிறோம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் ஓய்வெடுத்தாளா என்பது தாளுக்குத் தெரியாது. நாங்கள் எப்போதும் “எப்போது இறங்கினாய், எப்போது ஏறுகிறாய்” என்றுதான் கேட்போம். தம்பியும் அறியாமலே தன் பத்திகளுக்கு ஏறும் மணி, இறங்கும் மணி என்று பெயர் வைத்திருக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘இறங்கேறு இடைவெளி’.

அனுப்புபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தக்கலை

இலக்கணம் இடம் கொடுக்கும். காது கொடுக்கவில்லை. மாடிப்படிக் கணக்கு மாதிரி இருக்கிறது. ‘முறை இடைவெளி’ என்று பிரித்தே எழுதினால் முறையீடாகவும் ஆகாது, ஓய்வு என்ற பொய்யும் இராது.

அனுப்புபவர்: கணினிப் பிரிவு ஊழியர், நாகர்கோவில்

டிசம்பர் பட்டியலை இன்றே ஒட்டியாக வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஆளாளுக்கு முறையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் எங்கோ ஒரு கட்டம் சிவக்கிறது. இப்போதைக்கு ‘முறை இடைவெளி’ என்று அச்சிட்டுவிட்டேன். இரண்டு வார்டுகளில் மட்டும் ‘இறங்கேறு இடைவெளி’ போட்டிருக்கிறேன். யார் எதைத் தவறாக நிரப்புகிறார்கள் என்று மாதக் கடைசியில் எழுதுகிறேன்.

அனுப்புபவர்: அறுவை அரங்குச் செவிலியர், குலசேகரம்

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அழைப்பு வராமலே போயிருந்தால்? போனைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்த அந்த இரவு எந்தப் பத்தியில் வரும்?