நன்றி மெசேஜ் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்க

கோபியில் துணிக்கடை வைத்திருக்கிறேங்க. தீபாவளிக்கு நெகமம் காட்டன் சேலை புதுசாக இறக்குகிறோம், ஒரு நிறத்தில் நாலைந்துதான் வரும், அதனால் பில் புக்கைப் புரட்டி, ஒரே தடவை கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்தவர்களை விட்டுவிட்டு, வருசம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்த நாற்பது பேருக்கு மட்டும் முதலில் காட்டலாம் என்றிருக்கிறேன். அவர்களால்தான் கடை ஓடுகிறது.

எழுதியது இது: "அக்கா, வருசம் பூராவும் நம்ம கடைக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. புது நெகமம் சேலை வந்திருக்குது. வெள்ளி, சனி உங்களுக்கு மட்டும்தான், ஞாயிறு எல்லாருக்கும் வைப்போம். பிடிச்சதைச் சொன்னா சனி சாயங்காலம் வரை எடுத்து வைக்கிறோம்."

தள்ளுபடி எதுவும் போடவில்லை, போட்டால் நன்றி பின்னால் போய் விளம்பரமாகிவிடும் என்று தோன்றுகிறது. சரிதானா?

அப்புறம், வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் நம் நம்பரை சேவ் செய்தவர்களுக்குத்தான் மெசேஜ் போய்ச் சேரும். பாதிப் பேர் செய்திருக்க மாட்டார்கள். குரூப் ஆரம்பித்தால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பெண்கள் அதிகம், அது வேண்டாம். பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்புகிறவர்கள், ஒரே சேலையை இரண்டு பேர் கேட்டால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?