கல்லாவை மூன்று தடவை எண்ணிய கதை

குடியாத்தத்துக்காரி:
11 வருஷம் "உனக்கு ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு தெரியுமா" என்று வந்தவர் போனவர் முன்னால் கணவர் சொல்வதைக் கேட்டே வாழ்ந்தேன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன், ஊரிலேயே ஒரு கைலிக் கடையில் கல்லா பார்க்கிறேன். ராத்திரி கடை சாத்தும்போது கை வியர்க்கும், மூன்று தடவை எண்ணுவேன், முதலாளி "ஒரு தடவை போதும்மா" என்று சொன்னாலும் காதில் கணவர் குரல்தான் கேட்கும். ஆலோசகர் ஒரு வேலை கொடுத்தார்: எண்ணுவதற்கு முன் எவ்வளவு குறையும் என்று பயப்படுகிறேனோ அதை நோட்டில் எழுத வேண்டும், எண்ணி முடித்ததும் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் 500, 1000 என்றுதான் எழுதினேன். 30 நாளில் 27 நாள் சரியாக வந்தது. மூன்று நாள் இடித்தது, அதிகபட்சம் 180 ரூபாய். 20 ரூபாய் கட்டுக்குள் மஞ்சளாக ஒரு 200 கிடந்திருக்கிறது, அதையும் நானேதான் கண்டுபிடித்தேன்.

காட்பாடி அண்ணன்:
தினமும் கண்ணாடி முன்னால் "நான் கெட்டிக்காரி" என்று சொல்லுங்கள், சரியாகிவிடும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் இழிவாகப் பேசுவதும் வன்முறைதான், கேஸ் போடுங்கள்.

குடியாத்தத்துக்காரி:
நான் கேஸ் பற்றிக் கேட்கவில்லை அண்ணா. கண்ணாடியும் செய்து பார்த்தேன், சொல்லி முடிக்கும் முன்பே உள்ளே "பொய்" என்று பதில் வந்தது.

சத்துவாச்சாரி அக்கா:
வார்டில் நர்ஸாக இருந்தபோது இப்படி நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் மட்டம் தட்டப்பட்டவருக்குப் பெரிய புகழ்ச்சி உள்ளே இறங்காது, கையால் சரிபார்க்கக்கூடிய சின்ன விஷயம்தான் இறங்கும். இன்னொன்று, மூன்று தடவை எண்ணுகிறவரைக்கும் "மூன்று தடவை எண்ணியதால்தான் தப்பித்தேன்" என்றே மனசு நம்பும். அதனால் இரண்டாக்கு, அப்புறம் ஒன்றாக்கு. நோட்டில் அவர் திட்டியதை மட்டும் எழுதாதே, ஒரு பெண் பக்கம் பக்கமாக அதையே எழுதித் தூக்கத்தைத் தொலைத்தாள். இன்னும் அதே வீட்டில் இருப்பவர்கள் இந்த நோட்டை வைத்துக்கொள்ளக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. அவர்கள் முதலில் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசட்டும்.

ஆம்பூர் தம்பி:
நான் ஆம்பளை, என்னை மட்டம் தட்டியது என் மனைவி. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் "தையல் நல்லா இருக்குப்பா" என்றால் கிண்டல் செய்கிறார் என்றே தோன்றுகிறது. இதை எந்த நோட்டில் எழுதுவது அக்கா?

சத்துவாச்சாரி அக்கா:
அவர் எத்தனை ஜோடியைத் திருப்பி அனுப்பினார் என்று ஒரு வாரம் எழுதிப் பார் தம்பி. அது போதுமா என்று எனக்கே தெரியவில்லை.

குடியாத்தத்துக்காரி:
இரண்டாவது மாதத்திலிருந்து ஒரு தடவைதான் எண்ணுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப்போக வந்தவர், பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் "கணக்குப்பிள்ளை அம்மா வந்துட்டாங்க" என்றார். திங்கட்கிழமை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் சரியாகத்தான் இருந்தது.