புதுப்பிப்பு: கைமாற்றுக் கடிதத்தில் நான் விட்டிருந்த வரி

முன்பு நான் கேட்டது: "வேலையை விட்டுப் போகிறேன். ஃபேஸ்புக் பக்கத்தில் தானாகப் பதிவு போடும் ஏற்பாட்டை அடுத்து வருபவருக்குக் கடிதமாக எழுதுகிறேன். எது விட்டுப்போகும்?"

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். காலை 9 மணிப் பதிவுக்கு, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானில் `30 3 * * *` இருப்பதைப் பார்த்த புதியவர், "விடியற்காலை மூன்றரைக்கா சார்?" என்றார். சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறது, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

பெரிய ஓட்டை டோக்கன்தான், அதாவது ஸ்கிரிப்ட் பதிவு போட ஃபேஸ்புக் தரும் அனுமதிச் சாவி. "60 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்" என்றார் இங்கே ஒருவர். பாதி சரி, அது பயனர் டோக்கனுக்கு. அதிலிருந்து எடுத்த பக்க டோக்கனுக்குக் கெடு கிடையாது. ஆனால் அது என் சொந்த ஃபேஸ்புக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பக்கத்திலிருந்து நீக்கினாலோ, நான் கடவுச்சொல்லை மாற்றினாலோ செத்துவிடும். என் ஸ்கிரிப்டோ ஃபேஸ்புக் தரும் பதிலைப் பார்க்காமலே ஷீட்டில் "போட்டாச்சு" என்று எழுதும் (சோம்பேறித்தனம்தான்). லாகில் மட்டும் டோக்கன் செல்லாது என்கிற `190` பிழை கிடக்கும்.

அக்கா ஒருவர் சொன்னபடி, பிசினஸ் மேனேஜரில் எந்த ஆளின் சொந்தக் கணக்கையும் சாராத சிஸ்டம் யூசர் ஒன்றை உருவாக்கி, பக்கத்தை ஒதுக்கி, அதன் பெயரில் டோக்கன் எடுத்தோம். அப்புறம் என் அணுகலை நீக்கிவிட்டு ஒரு சோதனைப் பதிவு. போனது!

இன்ஸ்டாகிராமை இன்னும் சோதிக்கவில்லை. வாட்ஸ்அப் குழு அட்மினை மாற்றுவது பற்றிக் கேட்ட தம்பி, அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள்.