'சிறுபான்மை வட்டி'க்கு மாற்றுச் சொல் வேண்டும்

மலர்:
பாடக்குறிப்பு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. துணை நிறுவனத்தில் தாய் நிறுவனத்துக்கு 80 விழுக்காடு, மீதி 20 வெளியாருக்கு. ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையில் அந்த 20-ஐக் காட்டும் வரிக்கு என்ன பெயர் வைப்பது? பழைய குறிப்பில் minority interest என்பதைச் 'சிறுபான்மை வட்டி' என்று பெயர்த்திருக்கிறார்கள். "எத்தனை விழுக்காடு வட்டி?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

குமரன்:
'சிறுபான்மைப் பங்கு' போதும். யாருக்கும் புரியும். ஆனால் துணையின் சொத்தில் 80 விழுக்காட்டை மட்டும் சேர்த்தால் இந்த வரியே தேவைப்படாதே?

சாந்தி:
வட்டி கூடாது, சரிதான். 80 மட்டும் சேர்ப்பதுதான் தவறு, அண்ணா. துணையின் லாரியில் ஐந்தில் நான்கு பாகத்தை மட்டும் ஓட்ட முடியுமா? ஆளுகை முழுச் சொத்தின் மேலும் இருப்பதால் 100-ஐயும் சேர்க்கிறோம். வெளியாருக்குரியதைத் தனி வரியாகப் பிரிக்கிறோம்.

வாங்கிய நாளில் நிகரச் சொத்து 1000 என்றால் வெளியார் பங்கு 200. அந்த ஆண்டு லாபம் 200, அதில் 40 அவர்களுக்கு. பங்காதாயம் 50 கொடுத்தால் அவர்களுக்குப் போவது 10. ஆண்டிறுதியில் 230. தாய்க்கு வந்த 40 குழுவுக்குள்ளேயே கைமாறியது, நீக்கிவிட வேண்டும். மாணவர்கள் இதை விட்டுவிட்டு, லாபம் 40 கூடுதலாக நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். இந்த 230 கடனன்று, திருப்பித் தர வேண்டியதில்லை. அதனால் உரிமை மூலதனத்துக்குள்தான் வரும்.

'சிறுபான்மை'யும் நிற்காது. பிறர் சிதறிக் கிடந்தால் 45 விழுக்காடு வைத்தே ஒருவர் ஆளலாம். அப்போது 55-ஐச் சிறுபான்மை என்பதா? பன்னாட்டுத் தரநிலைகளும் 2008 திருத்தத்தில் அந்தப் பெயரைக் கைவிட்டு non-controlling interest என்றன.

பாஸ்கர்:
குடும்ப நிறுவனத்தில் எனக்கு 25 விழுக்காடு. ஆறு வருடமாகப் பங்காதாயம் இல்லை. இந்த வரியில் எனக்கு வழி உண்டா?

சாந்தி:
இல்லை ஐயா. அது பங்குதாரர் உரிமைச் சட்டம். இது கணக்கில் காட்டும் முறை மட்டுமே.

இளங்கோவன்:
'கட்டுப்பாடற்ற பங்கு' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அடக்கமில்லாத பங்கு என்றாகிவிடும். ஆள் என்னும் வேரைப் பிடியுங்கள்: ஆட்சி, ஆளுநர், ஆண்டை. 'ஆளாப் பங்கு' எனலாம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலிமிகும். ஆனால் ஆளாதது பங்கன்று, பங்கை வைத்திருப்பவர். கல்லாதவர் கல்லார் என்றால் ஆளாதவர் ஆளார். 'ஆளார் பங்கு'! இரண்டே சொல்.

குமரன்:
ஆள்வார், ஆளார். அச்சில் ஓரெழுத்து விழுந்தால் பொருள் தலைகீழாகும், ஐயா. கணக்குப் புத்தகத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இளங்கோவன்:
மெய்ப்புப் பார்ப்பவர் சோர்ந்தால் எந்தச் சொல்தான் தப்பும்?

சாந்தி:
'ஆளுகையில்லாதோர் பங்கு'. நீளம்தான், ஆனால் தடுக்காமல் படிக்கலாம்.

மலர்:
நான்கு பேர் தனி மடலிலும் இதையே சொன்னார்கள். இதையே போடுகிறேன். பழைய வினாத்தாள்களுக்காக 'சிறுபான்மைப் பங்கு' ஒரே ஓர் இடத்தில் வரும்.

இளங்கோவன்:
போடுங்கள். என் வகுப்பில் ஆளார் பங்குதான்.