நேர்முகத்தில வாற அந்த 115 வோல்ட் கேள்வி

பரந்தன் பொடியன்: மின்விநியோகப் பக்கம் ஈ.எஸ். வேலைக்கும் இன்ஜினியர் வேலைக்கும் நேர்முகத்துக்குப் போனாக்கள், கேட்ட கேள்வியளை இதில போடுங்கோ. டிப்ளோமாக்காரரிட்டக் கேட்டது ஒண்டு: ஊருக்க 160 கேவிஏ ட்ரான்ஸ்போமர், 33 ஆயிரத்திலயிருந்து 400க்கு இறக்கிறது. "கரண்ட் இருக்கு, ஆனா மங்கல்" எண்டு முறைப்பாடு. ஒரு பேஸில 230, மற்ற ரெண்டிலயும் 115. என்ன பழுது?

நெடுங்கேணி: நியூட்ரல் அறுந்திருக்கும். வேற என்ன?

வவுனியா ஈ.எஸ்.: நியூட்ரலை நினைச்சது பிழையில்லைத் தம்பி, மங்கல் எண்டதும் அதையும் பாக்கத்தான் வேணும். ஆனா நியூட்ரல் போனால் ஒரு வீட்டில மங்கேக்க பக்கத்து வீட்டில 300க்கும் ஏறி டிவி எரியும். இதில ஒரு பேஸும் 230ஐத் தாண்டேல்லை. சந்தேகமெண்டால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையில அளவுங்கோ. நியூட்ரல் மட்டும் போயிருந்தால் அங்க 400 அப்பிடியே நிக்கும். இங்க மங்கின ரெண்டுக்கும் இடையில கிட்டத்தட்டப் பூச்சியம், நல்லதுக்கும் மங்கினதுக்கும் இடையில 345 அளவு வரும். மேல 33 ஆயிரம் பக்கத்தில ஒரு டிடிஎல்ஓ பியூஸ் விழுந்திருக்கு.

நேர்முகத்தில 115 எண்டு அழகாச் சொல்லுவினம். ஊருக்க லோட் சமனா இராது. 90உம் 140உம் எண்டு வரும், ஆனா ரெண்டையும் கூட்டினால் 230க்குக் கிட்ட நிக்கும்.

அறிவியல் நகர்: டிகிரிக்காரரிட்ட இதையே "ஏன் பாதி?" எண்டு கேட்டவை. மேல் பக்கம் டெல்டா. ஒரு லைன் போனால், நல்ல ரெண்டு லைனுக்கும் நேரா இருக்கிற சுற்றுக்கு முழு வோல்ட் கிடைக்கும். மற்ற ரெண்டு சுற்றும் தொடரா நிண்டு அதே வோல்ட்டைப் பங்குபோடும். படம் கீறிக் காட்டினால் போதும், சூத்திரம் கேக்கேல்லை.

முள்ளியவளை: எங்கட மில்லில மோட்டர் "ம்ம்ம்" எண்டு முனகிப்போட்டு எரிஞ்சது. இதாலதானோ? நட்டஈடு ஆரிட்டக் கேக்கிறது?

வவுனியா ஈ.எஸ்.: அண்ணை, முனகல் இதாலயும் வரும், உங்கட சுவிச்சில ஒரு பேஸ் போனாலும் வரும். அளக்காமல் நான் சொல்லேலாது. நட்டஈடு வேற கதை. பேஸ் பெயிலியர் ரிலே ஒண்டு போடுங்கோ.

தம்பியவை, அடுத்த கேள்வி "இப்ப என்ன செய்வாய்?" எண்டுதான் வரும். "பியூஸ் போடுவன்" எண்டு தொடங்கினால் அதோட சரி. முதல் எல்.வி. பக்க லோட்டைக் கழட்ட வேணும், லோட்டோட டிடிஎல்ஓவை இழுத்தால் தீ நீண்டு பிடிக்கும். பிறகு மூண்டையும் தடியால இறக்கி, டிடெக்டரால பாத்து, ரெண்டு பக்கமும் எர்த் கட்ட வேணும். எல்.வி. பக்கத்தை மறக்கிறவைதான் கூட. ஒரு வீட்டு ஜெனரேட்டர் பின்னால ஊட்டினால் 400 மேல போய் 33 ஆயிரமா நிக்கும்.

அதுக்குப் பிறகுதான் ஏன் விழுந்தது எண்டு தேடுறது. புஷிங்குக்கு மேல கருகின அணிலோ மயிலோ கிடக்கா, அரெஸ்டர் வெடிச்சிருக்கா, எண்ணெய் ஒழுகுதா எண்டு பாத்து, எச்.வி.-எர்த், எல்.வி.-எர்த், எச்.வி.-எல்.வி. மூண்டையும் மெகரால அளவுங்கோ. மெகர் வைக்கிற நேரம் மட்டும் அளக்கிற பக்கத்து எர்த்தைக் கழட்டி, அளந்து முடிய சார்ஜை இறக்கிப்போட்டுத் திரும்பக் கட்டோணும்.

பரந்தன் பொடியன்: எந்த அளவு பியூஸ்?

வவுனியா ஈ.எஸ்.: 160ஐ 1.732 தர 33ஆல பிரியுங்கோ, 2.8 அம்பியர். கீழ் பக்கம் 231. ஆனா 2.8க்கே போடுறதில்லை, ட்ரான்ஸ்போமர் ஏறேக்க ஒரு கணம் கனக்க இழுக்கும். அட்டவணையில உள்ளதைப் போடுங்கோ. பியூஸ் இல்லையெண்டு கம்பி இழை முறுக்கிக் கட்டினால் அடுத்த பழுதில அது உருகாது. பின்னுக்கு இருக்கிற பிரேக்கர் விழுந்து முழு பீடரும் இருளும்.

கிளிநொச்சித் தங்கச்சி: அண்ணை, இன்ஜினியருக்கு எடுபட்டால் கம்பத்தில ஏறோணுமோ?

அறிவியல் நகர்: ஏறுறது லைன்மேன் தங்கச்சி. ஈ.எஸ். இடத்தில நிண்டு பாப்பார். இன்ஜினியர் அந்தப் பீடரை நிப்பாட்ட அனுமதி, ஆள், சாமான் எல்லாம் பாக்கோணும். பிழையா உத்தரவு குடுத்தால் சாகிறது ஏறினவன். அதாலதான் வரிசையை உங்களிட்டயும் கேக்கினம்.

மன்னார்க்காரன்: நீங்கள் பியூஸ்லயே நிக்கிறியள். தம்பபவனியில 30 காற்றாடி நிக்குது, ஒவ்வொண்டும் 3.45 மெகாவாட். அங்க டிப்ளோமாவுக்கு இடம் இல்லையோ?

வவுனியா ஈ.எஸ்.: காற்றாடிக்குள்ள வேலை செய்ய உயரப் பயிற்சி தனியா வேணும். உங்கட டிப்ளோமாவுக்குக் கிட்டவா வாறது நடுக்குடா உபநிலையம் மாதிரி இடங்கள். பிரேக்கர், ரிலே, பட்டரி பாங்க் படியுங்கோ.

பரந்தன் பொடியன்: 2024ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டத்தோட சபையைக் கம்பனியளாப் பிரிக்கிறதெல்லோ. இனி விநியோகத்துக்கும் ட்ரான்ஸ்மிஷனுக்கும் தனித்தனியா விண்ணப்பமோ?

நெடுங்கேணி: தனித்தனியாத்தான் வரும்.

அறிவியல் நகர்: விளம்பரம் வரமுதல் அப்பிடி அடிச்சுச் சொல்லாதேங்கோ.