ஃபிரான்டியர்: வரிசையா, நிலுவையா?

செல்வி எழுதியது:

அன்புடையீர், வேலை நேர்காணலில் கேட்கப்படும், இணைப்புகளைப் பின்தொடர்ந்து இணையப் பக்கங்களை இறக்கும் கிராலர் நிரலின் வடிவமைப்பைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிராலருக்குத் ‘தவழி’ என்று வைத்துக்கொண்டேன். இனி இறக்க வேண்டிய முகவரிகள் காத்திருக்கும் ‘ஃபிரான்டியர் கியூ’ வந்ததும் கை நின்றுவிட்டது. ‘எல்லை வரிசை’ என்றால் சோதனைச் சாவடியில் லாரிகள் நிற்பதுபோல் இருக்கிறது. வேறு சொல் உண்டா?

இளங்கோ எழுதியது:

‘காத்திருப்பு வரிசை’ போதுமே. கண்டெடுத்த முகவரிகள் பின்னால் சேர்கின்றன, முன்னால் இருப்பது எடுக்கப்படுகிறது. இதற்குப் புதுச்சொல் எதற்கு?

மாலதி எழுதியது:

இளங்கோ ஐயா சொன்ன அந்த ஒற்றை வரிசையைத்தான் பலரும் பலகையில் வரைகிறார்கள். நேர்காணல் எடுப்பவளாக எதிரே உட்கார்ந்து நான் கேட்கும் அடுத்த கேள்வியே அதைப் பற்றியதுதான்.

ஒரு பக்கத்தில் 200 இணைப்புகள், எல்லாம் ஒரே தளத்தைச் சேர்ந்தவை என்று வையுங்கள். அவை வரிசையில் அடுத்தடுத்து நிற்கும். தவழிக்குள் ஒரே நேரத்தில் 50 இழைகள் பக்கங்களை இறக்கும் வேலை செய்தால் ஐம்பதும் ஒரே நொடியில் அந்தத் தளத்தின் கதவைத் தட்டும். இழைக்குள்ளேயே இடைவெளி வைத்தாலோ, ஐம்பதும் தூங்கும். பின்னால் நிற்கும் மற்றத் தளங்களுக்கு ஆள் இருக்காது.

மெர்கேட்டர் என்ற பழைய தவழி இதை இரண்டாகப் பிரித்தது. முன்வரிசைகள் எது முக்கியம் என்று பார்க்கும். பின்வரிசை ஒவ்வொன்றிலும் ஒரே தளத்தின் முகவரிகள் மட்டுமே இருக்கும். அந்தத் தளத்தை மறுபடி எப்போது அணுகலாம் என்ற நேரம் தனியே ஒரு குவியலில் இருக்கும். இழை வந்ததும் குவியலின் உச்சியில் உள்ள, மிக முந்திய நேரத்துக்குரிய தளத்தை எடுக்கும். நேரம் வராவிட்டால் காத்திருக்கும். பின்வரிசை ஒன்று காலியானால், முன்வரிசையிலிருந்து புதிய தளம் ஒன்று கிடைக்கும்வரை முகவரிகளை இழுத்து நிரப்பும். இழைகளைப் போல மூன்று மடங்கு பின்வரிசைகள் வைக்கச் சொன்னார்கள். 50 இழைகளுக்கு 150.

இடைவெளிக்கு அவர்களுடைய கணக்கு, கடைசிப் பக்கத்தை இறக்க ஆன நேரத்தைப் போல் பத்து மடங்கு. 0.4 நொடி ஆனால் 4 நொடி காத்திருப்பு, ஆகப் பக்கத்துக்கு 4.4 நொடி. அந்த 200 பக்கங்களுக்குச் சுமார் 15 நிமிடம். தளம் திணறினால் இறக்கும் நேரம் கூடும், இடைவெளியும் தானாக நீளும். இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆகவே மொத்தத்துக்கு ‘நிலுவை’ என்பேன். அடுத்து அணுகும் நேரத்துக்குத் ‘தவணை’. தளத்தைத் திணறடிக்காமல் அணுகும் பொலைட்னஸுக்கு ‘இங்கிதம்’.

இளங்கோ எழுதியது:

தவணை நன்று, ஏற்கிறேன். ஆனால் இங்கிதத்துக்கு, தளங்கள் தவழிகளுக்காக எழுதிவைக்கும் `robots.txt` கோப்பு இருக்கிறதே? அதை மதித்தால் போதாதா?

மாலதி எழுதியது:

எந்த அறைக்குள் போகக்கூடாது என்று அது சொல்லும். எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று சொல்லாது. `Crawl-delay` என்ற வரியைச் சில தளங்கள் எழுதுகின்றன. அந்தக் கோப்புக்கென 2022-இல் வந்த தரநிலையான `RFC 9309`-இல் அது இடம்பெறவில்லை. மதிக்காத தவழிகளும் உண்டு.

ரஹீம் எழுதியது:

நான் சொல்லாராய்ச்சி அறியாதவன், தளம் நடத்துபவன். என்னுடைய ஐந்து தளங்கள் ஒரே கணினியில் ஓடுகின்றன. ஒரு தவழி ஒவ்வொரு தளத்திடமும் மிக இங்கிதமாகத்தான் நடந்துகொண்டது. ஆனால் ஐந்திடமும் ஒரே நேரத்தில்! கணினி படுத்துவிட்டது. பதிவேட்டில் ஒவ்வொரு தளத்தின் வரிகளையும் தனியே பார்த்தால் குற்றமே தெரியவில்லை. ஐந்தையும் நேரவாரியாக அடுக்கிய பிறகே புரிந்தது. இன்னொன்று: நாள்காட்டிப் பக்கத்தில் ‘அடுத்த மாதம்’ என்ற இணைப்பு முடிவில்லாமல் போகும். தவழி அதையும் பிடித்துக்கொண்டு போனது. மாதத்தின் பெயர் மட்டும் மாறும் இந்த நகல்களை உங்கள் நிலுவை தடுக்காதா?

மாலதி எழுதியது:

நிலுவை தடுக்காது ஐயா. முகவரிகள் வேறு வேறு என்பதால் ‘ஏற்கெனவே பார்த்தது’ பட்டியலும் ஏமாறும். உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஹாஷ் எண் எடுத்தாலும் மாதத்தின் பெயர் மாறியதும் ஹாஷ் முழுதாக மாறிவிடும். சிம்ஹாஷ் என்ற வகை அப்படியல்ல, சிறு மாற்றத்துக்குச் சில பிட்டுகள்தான் மாறும். 64 பிட்டில் மூன்றுவரை வேறுபட்டால் ஒரே பக்கமாகக் கொள்ளலாம் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினார்கள். ஆனால் எழுத்து மிகக் குறைந்த பக்கங்களில் அந்த வரம்பை அப்படியே நம்ப மாட்டேன். இறக்கிய பிறகே இது தெரியும் என்பதால், ஒரு தளத்துக்கு இத்தனை பக்கம் என்ற உச்சவரம்பும் வேண்டும்.

செல்வி எழுதியது:

அப்படியானால் அச்சு அசலாக இருப்பது ‘நகல்’, கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது ‘சாயல்’. சரிதானே? நிலுவையில் மட்டும் ஓர் உறுத்தல்: கெடு தாண்டிய கடன் என்ற வாடை அடிக்கிறது.

இளங்கோ எழுதியது:

சாயலுக்கு என் ஓட்டு. நிலுவைக்கு இன்னும் இல்லை. ரஹீம் சொன்னதற்கு விடை எளிது: தளப் பெயரை விட்டுவிட்டு ஐபி முகவரிக்கு ஒரு தவணை வைக்கலாமே?

மாலதி எழுதியது:

ரஹீமின் கணினி பிழைக்கும். ஆனால் உள்ளடக்க விநியோக வலையமைப்புக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் ஒரே ஐபியில் இருக்கும். அவை அத்தனையும் ஒரே தவணைக்காக நிற்க வேண்டியதாகிவிடும். இரண்டு தவணைகளையும் வைத்துப் பிந்தியதை எடுக்கலாம். அப்போதும் எந்த ஐபி சிறிய கணினி, எது பெரிய வலையமைப்பு என்று தவழிக்கு யார் சொல்வது?